சுரங்கத்தின் அடியில் எடை கூடுமா, குறையுமா?

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் என்றொரு சுரங்கம் இருந்தது. ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம். அதில் இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள். 2001இல் தங்கவயல் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் யாராவது ஒரு தொழிலாளி மிகத் துல்லியமான டிஜிட்டல் எடைமேடையைக் கையோடு கொண்டுபோய், மேலே ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் ஏறி நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மேலே 60 கிலோ காட்டியதென்றால், கீழே எவ்வளவு காட்டும்?

பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் தயங்காமல் சொல்வார்கள்: குறையும். ஆழம் d, பூமியின் ஆரம் R என்றால் g(1 − d/R) என்று சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும். ஆரம் 6371 கிலோமீட்டர். அதில் 3.2 என்பது 0.05 சதவீதம். 60 கிலோவில் அது 30 கிராம். ஆகவே கீழே 59 கிலோ 970 கிராம்.

கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் விடை தலைகீழ். உண்மையில் அந்த மேடை 60 கிலோவுக்கு மேல் சுமார் 10 கிராம் கூடுதலாகக் காட்டியிருக்கும். சூத்திரம் பொய்யல்ல, அது நம் பூமியைப் பற்றியதல்ல, அவ்வளவுதான். மேலிருந்து நடுமையம் வரை ஒரே அடர்த்தி கொண்ட கற்பனையான உருண்டை ஒன்றைப் பற்றியது அது. அந்த உருண்டையை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டால், நிஜப் பூமி எங்கே அதிலிருந்து விலகுகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சீரான உருண்டைக்கு வெளியே நிற்பவருக்குக் கணக்கு எளிது. உருண்டையின் நிறை முழுவதும் அதன் மையத்தில் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதுபோல அது இழுக்கும். மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கில் ஒன்று. மேற்பரப்புக்கு உள்ளே போனால்தான் சிக்கல்: இப்போது தலைக்கு மேலும் நிறை இருக்கிறது, காலுக்குக் கீழும் இருக்கிறது, பக்கவாட்டிலும் இருக்கிறது. எது எந்தப் பக்கம் இழுக்கும்?

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியாவில் இதற்கு விடை சொன்னார். உருண்டையை வெங்காயம்போலப் படலம் படலமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு படலத்துக்கு உள்ளே இருக்கும் பொருளை அந்தப் படலம் எந்தப் பக்கமும் இழுக்காது. மையத்தில் மட்டுமல்ல, உள்ளே எங்கிருந்தாலும் சரி. முதலில் கேட்கும்போது நம்ப முடியாதுதான். படலத்தின் ஒரு பக்கச் சுவருக்கு ஒட்டினாற்போல் நின்றால் அந்தச் சுவர் அல்லவா அதிகம் இழுக்க வேண்டும்?

நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து முன்னும் பின்னுமாக, ஒரே அளவு விரியும் இரண்டு குறுகிய கூம்புகளை மனத்தில் வரையுங்கள். முன்சுவரைப்போல் 3 மடங்கு தூரத்தில் பின்சுவர் இருக்கட்டும். பின்சுவரில் கூம்பு வெட்டியெடுக்கும் பரப்பு 9 மடங்கு பெரிது; எனவே அங்கே 9 மடங்கு நிறை. ஆனால் 3 மடங்கு தூரம் என்பதால் அந்த நிறையின் ஒவ்வொரு கிராமும் 9இல் ஒரு பங்குதான் இழுக்கும். ஒன்பதால் பெருகியது ஒன்பதால் வகுபட்டு, இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. உருண்டை வடிவம் என்பதால் கூம்பு இரு சுவர்களையும் சந்திக்கும் சாய்வும் ஒன்றே. எந்தத் திசையில் கூம்பு வரைந்தாலும் இதே கதைதான். இழுவை தூரத்தின் இருமடியில் குறைகிறது என்ற ஒரே காரணத்தால் இது நடக்கிறது. வேறு எந்த விதத்தில் குறைந்திருந்தாலும் இந்தக் கணக்கு உடைந்துபோயிருக்கும்.

ஆகவே சுரங்கத்தில் இறங்கும் ஒருவர், தான் கடந்து வந்த படலங்களை எல்லாம் மறந்துவிடலாம். காலுக்குக் கீழே எஞ்சியிருக்கும் சின்ன உருண்டை மட்டுமே அவரை இழுக்கிறது.

இப்போது ஆரத்தில் ஒரு சதவீதம் இறங்குவோம். இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எஞ்சிய உருண்டையின் ஆரம் ஒரு சதவீதம் குறைந்ததால் அதன் கனஅளவும் நிறையும் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகின்றன. இது நட்டம். அதேசமயம் மையத்தை ஒரு சதவீதம் நெருங்கிவிட்டோம்; இருமடி விதிப்படி இழுவை 2 சதவீதம் கூடுகிறது. இது லாபம். 3 போய் 2 வந்தால் நிகர நட்டம் 1 சதவீதம். பாடநூல் சூத்திரம் சொல்வது இதைத்தான். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் g நேர்கோட்டில் குறைந்து, பாதி ஆரத்தில் பாதியாகி, மையத்தில் பூச்சியமாகும்.

மேலே ஏறினால் நிலைமை வேறு. ஒரு சதவீதம் உயர்ந்தால் நிறையில் ஒன்றும் போகவில்லை. தூரம் மட்டும் கூடியது. ஆகவே 2 சதவீதம் நட்டம். உயரத்துக்கான சூத்திரத்தில் g(1 − 2h/R) என்று ஒரு 2 முளைத்திருப்பது இதனால்தான். உயரம் போகும்போது g இரண்டு மடங்கு வேகமாகக் குறைகிறது என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த இரண்டும் ஒன்றும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். லாபம் 2, நட்டம் 3 என்ற இந்தச் சின்னக் கணக்கை நினைவில் வைத்தால் போதும், சூத்திரமே வேண்டியதில்லை.

உயரத்தைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் g சுமார் 0.3 சதவீதம் குறைவு. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 190 கிராம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்திலும் g தரையில் உள்ளதில் 89 சதவீதம் இருக்கிறது. அங்கே வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல, நிலையத்தோடு சேர்ந்து அவர்களும் ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால். அந்த உயரத்துக்கு 2h/R என்ற சுருக்கக் கணக்கு ஒத்துவராது என்பதையும் கவனிக்க வேண்டும். அது 12.6 சதவீதம் குறையும் என்கிறது. முழு இருமடி விதியோ 11.5 சதவீதம் என்கிறது. உயரம் ஆரத்தோடு ஒப்பிட மிகச் சிறிதாக இருக்கும்வரைதான் சுருக்கக் கணக்கு செல்லும்.

சுரங்கத்துக்குத் திரும்புவோம். லாபமான 2 எந்தப் பூமியிலும் மாறாது. அது வெறும் தூரக் கணக்கு. நட்டமான 3 அப்படியல்ல. கடந்து வந்த பாறை எவ்வளவு கனமானது என்பதைப் பொறுத்தது அது. பாறையின் அடர்த்தி, பூமியின் சராசரி அடர்த்திக்குச் சமமாக இருந்தால்தான் நட்டம் சரியாக 3. பாறை இலேசானதாக இருந்தால், அதை இழப்பதால் நேரும் நட்டமும் குறைவு.

பூமியின் சராசரி அடர்த்தி, தண்ணீரைப்போல் 5.51 மடங்கு. நாம் மிதிக்கும் கருங்கல் 2.7 மடங்குதான். ஆகவே நட்டம் 3 அல்ல, சுமார் 1.5. லாபம் 2, நட்டம் 1.5. கீழே இறங்க இறங்க g கூடுகிறது! எல்லைக்கோடு எங்கே என்றும் பார்த்துவிடலாம். பாறையின் அடர்த்தி சராசரியில் மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 3.67 ஆக இருந்தால் லாபமும் நட்டமும் சமம். அதைவிட இலேசான பாறையில் இறங்கினால் எடை கூடும். கனமான பாறையில் இறங்கினால் குறையும். மேலோட்டுப் பாறைகள் பொதுவாக இந்த எல்லைக்குக் கீழேயே இருப்பவை.

கோலார் பாறை சாதாரணக் கருங்கல்லைவிடக் கொஞ்சம் கனம். அடர்த்தி சுமார் 3. நட்டம் 3 × 3 ÷ 5.51, அதாவது 1.63. நிகர லாபம் 0.37. இறங்கிய ஆழம் 60 கிலோவில் 30 கிராமுக்குச் சமம் என்று முன்பே பார்த்தோம், அதை 0.37ஆல் பெருக்கினால் 11 கிராம். நான் 'சுமார் 10' என்று சொன்னது வேண்டுமென்றேதான். இந்தக் கணக்கு, அதே அடர்த்தியுள்ள பாறை பூமி முழுக்கப் படலமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறது. கோலாரின் கனமான பாறையோ, இலேசான பாறைகளுக்கு நடுவே ஓடும் குறுகலான ஒரு பட்டை. ஆகவே கிராம் கணக்கில் முன்பின் இருக்கும். கூடும் என்பதில் மாற்றமில்லை. இன்னொன்று: தட்டுத் தராசைக் கொண்டுபோனால் எதுவுமே தெரியாது, ஏனென்றால் எடைக்கல்லும் அதே விகிதத்தில் கனத்துவிடும். வில் தராசோ, மின்னணு எடைமேடையோ, ஊசலோதான் வேண்டும்.

இதை ஊசலால் அளந்து காட்டியவர் ஜார்ஜ் பிடெல் ஏரி. பின்னாளில் கிரீனிச் வான்நிலையத்தின் தலைவரானவர். அவருடைய முதல் முயற்சி 1826இல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்த டோல்கோத் சுரங்கத்தில். கருவிகள் வைத்த பெட்டியை அடியிலிருந்து மேலே ஏற்றும்போது அது தீப்பிடித்துக் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டது. 1828இல் அதே சுரங்கத்தில் மறுபடி முயன்றார். இந்தமுறை பாறை சரிந்து, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அதோடு விட்டவர், மீண்டும் முனைந்தது 26 ஆண்டுகள் கழித்து, 1854இல், வடகிழக்கு இங்கிலாந்தில் சவுத் ஷீல்ட்ஸ் ஊரருகே இருந்த ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில்.

இடைப்பட்ட காலத்தில் தந்தி வந்துவிட்டது. அதுதான் வேலையை மாற்றியது. சுரங்க வாயில் ஓர் ஊசல், சுமார் 380 மீட்டர் அடியில் ஓர் ஊசல். இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் மின்கம்பி வழியாக வரும் சைகைகளால் ஒப்பிட முடிந்தது. ஊசலில் ஏதாவது கோளாறு இருந்தால் அது விடையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, மேலே ஆடியதைக் கீழேயும் கீழே ஆடியதை மேலேயும் மாற்றி வைத்து அளந்தார்கள். ஆழத்தில் வெப்பம் கூடுதல். வெப்பத்தில் ஊசல் தண்டு நீண்டு ஆட்டம் மந்தமாகும். அதற்கும் திருத்தம் செய்தாக வேண்டும்.

விடை: அடியில் வைத்த ஊசல் ஒரு நாளைக்கு 2.24 வினாடி முந்தியது. மந்தமாகவில்லை, முந்தியது. g கூடியிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி.

ஏரி தேடியது அந்தச் சாட்சியை மட்டும் அல்ல. பூமியின் சராசரி அடர்த்தியை. அவருடைய கணக்கை நம் லாப நட்ட மொழியிலேயே போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2.24 வினாடி என்பது g ஒரு லட்சத்தில் 5.2 பங்கு கூடியதற்குச் சமம். இறங்கிய ஆழம் பூமியின் ஆரத்தில் ஒரு லட்சத்தில் 6 பங்கு. தூரம் குறைந்ததால் வரவேண்டிய லாபம் அதன் இரண்டு மடங்கு, 12. வந்ததோ 5.2. அப்படியானால் கடந்து வந்த பாறையால் நேர்ந்த நட்டம் 6.8. அந்தப் பாறை பூமியின் சராசரி அளவு கனமாக இருந்திருந்தால் நட்டம் 3 மடங்கு, அதாவது 18 ஆகியிருக்கும். 18ஐ 6.8ஆல் வகுத்தால் 2.65. எனவே பூமி சராசரியாக அந்தப் பாறையைப்போல் 2.65 மடங்கு அடர்த்தி கொண்டது. பாறையின் அடர்த்தி 2.5 என்று கணித்திருந்தார்கள். பெருக்கினால் 6.6. ஏரி வெளியிட்ட எண் 6.57.

சரியான விடை 5.51. அதைவிட, 1798இலேயே கேவண்டிஷ் தன் கொட்டகையில் ஈயக் குண்டுகளை வைத்து 5.5க்கு மிக அருகில் வந்துவிட்டார். ஏரியின் சோதனை ஏன் தவறியது என்பதை எண்ணிக்கையாகப் பார்த்தால் அவர்மேல் பரிதாபமே வரும். சராசரி அடர்த்தி 5.51 என்றால் அந்த ஊசல் நாளுக்குச் சுமார் 1.7 வினாடி முந்தியிருக்க வேண்டும். ஒரு நாளில் அரை வினாடிச் சொச்சம் பிசகியதுதான், இறுதி விடையில் ஐந்தில் ஒரு பங்கு பிழையாக ஊதிப்பெருத்தது. இரண்டு பெரிய எண்களின் சிறு வித்தியாசத்தை நம்பி நிற்கும் எந்த அளவீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இன்னும் ஆழமாகப் போனால்? மேலோட்டுக்கும் கீழே உள்ள கவசப் பாறையின் அடர்த்தி மெல்ல மெல்ல அந்த 3.67 எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் எல்லைக்கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கீழே எஞ்சியிருக்கும் உருண்டையில் இரும்பு உட்கருவின் பங்கு கூடிக்கொண்டே போவதால் அதன் சராசரி அடர்த்தியும் உயர்கிறது. எல்லைக்கோடும் கூடவே உயர்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துவதால், கவசத்தின் பெரும்பகுதியில் g ஏறக்குறைய 10இலேயே நிற்கிறது. 2890 கிலோமீட்டர் ஆழத்தில், உட்கருவின் வாசலில், சுமார் 10.7 என்ற உச்சத்தைத் தொடுகிறது. சீரான உருண்டையாக இருந்திருந்தால் அங்கே 5.4தான் இருக்கும். அதற்குப் பிறகே g விழத் தொடங்கி மையத்தில் பூச்சியமாகிறது. நில அதிர்வு அலைகள் பூமிக்குள் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்பதைக் கொண்டு அடர்த்தியைக் கணித்து, அதிலிருந்து பெற்ற எண்கள் இவை. யாரும் அங்கே எடைமேடை வைத்துப் பார்க்கவில்லை.

மையத்தில் இழுவை பூச்சியம் என்பது சீரான உருண்டைக்கும் நிஜப் பூமிக்கும் பொது. இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழும் இன்னொரு இடம். இழுவை பூச்சியம் என்றால் ஈர்ப்பழுத்தமும் பூச்சியம்தானே என்று எழுதிவிடுவார்கள். அப்படியல்ல. ஈர்ப்பழுத்தம் என்பது ஒரு கிலோ பொருளை அந்த இடத்திலிருந்து முடிவிலாத் தொலைவுக்கு அப்புறப்படுத்த எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதன் கணக்கு. நாம் கட்டவேண்டிய கடன் என்பதால் எதிர்க்குறி போட்டு எழுதுகிறோம். பூமியின் மேற்பரப்பிலிருந்து ஒரு கிலோவை விடுவிக்க 62.5 மெகாஜூல் வேண்டும். மையத்தில் கிடக்கும் கிலோவை முதலில் மேற்பரப்புக்குக் கொண்டுவர வேண்டும். வழியெல்லாம் இழுவை இருக்கிறது. எனவே கடன் அங்கேதான் மிக அதிகம்.

சீரான உருண்டையில் இதைப் பாடநூல் இல்லாமலே கணக்கிடலாம். மையத்தில் g பூச்சியம், மேற்பரப்பில் முழு அளவு, நடுவே நேர்கோடு; சராசரி பாதி. பாதி இழுவையை எதிர்த்து முழு ஆரத்தையும் ஏற, மேற்பரப்புக் கடனில் சரிபாதி செலவாகும். ஆக மையத்தின் கடன் மேற்பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 94 மெகாஜூல். பொதுவாக மையத்திலிருந்து r தூரத்தில்

V = −GM(3R² − r²) / 2R³

என்று எழுதுவார்கள். r இடத்தில் R போட்டால் −GM/R என்ற மேற்பரப்பு மதிப்பு வரும். பூச்சியம் போட்டால் அதன் ஒன்றரை மடங்கு வரும். மையத்தில் இந்த வளைவு தட்டையாகிறது. இழுவை பூச்சியம் என்பதன் பொருள் அந்தத் தட்டை மட்டுமே: அழுத்தம் அங்கே மாறுவதை நிறுத்துகிறது, மறைந்துபோகவில்லை.

நிஜப் பூமியில் g உள்ளே நெடுந்தூரம் குறையாமலே இருப்பதால், மையத்திலிருந்து மேலே வர 31 மெகாஜூல் அல்ல, 50க்கு அருகில் வேண்டும். பூமியைத் துளைத்து மறுபக்கம் விழும் பழைய புதிரிலும் இது எதிரொலிக்கிறது. சீரான உருண்டையில் அந்தப் பயணம் 42 நிமிடம். அலெக்ஸாண்டர் கிளாட்ஸ் என்பவர் 2015இல் நிஜ அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டபோது 38 நிமிடம்தான் வந்தது.

இழுவை இல்லாத இடத்தில் அழுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவர்களுக்குக் கடிகாரம் பதில் சொல்லும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த இடத்தின் g அல்ல, ஈர்ப்பழுத்தம். ஆகவே எடையே இல்லாத பூமியின் மையத்தில் காலம் மேற்பரப்பைவிட மெதுவாக ஓடுகிறது. இந்த வித்தியாசம் பூமியின் வாழ்நாளுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு நாள் என்று ஃபைன்மன் தன் விரிவுரை ஒன்றில் போகிற போக்கில் சொல்ல, எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிவந்தார்கள். 2016இல் உல்ரிக் உகெர்ஹோய் முதலிய டென்மார்க் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சீரான உருண்டை என்று கொண்டால் ஒன்றரை ஆண்டு. நிஜ அடர்த்தியை எடுத்துக்கொண்டால் இரண்டரை ஆண்டு. பூமியின் மையம் அதன் தோலைவிட அவ்வளவு இளையது. ஃபைன்மன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் சரிபார்க்கவில்லை போலும்.

பாடநூலின் சீரான உருண்டைக்கு நெருக்கமான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நிலவுக்குப் போக வேண்டும். அதன் இரும்பு உட்கரு மிகச் சிறியது. உள்ளே பெரும்பகுதி ஒரே மாதிரியான பாறை. சராசரி அடர்த்தி 3.34. எடை கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கும் எல்லை அதில் மூன்றில் இரண்டு பங்கு, 2.23. நாசாவின் கிரெயில் விண்கலங்கள் நிலவைச் சுற்றி அதன் ஈர்ப்பை அளந்ததிலிருந்து மேலோட்டின் அடர்த்தி சுமார் 2.55 என்று தெரிகிறது. எல்லையைவிட அதிகம். எனவே கோலாரைப்போல ஒரு சுரங்கத்தை நிலவில் வெட்டினால், இறங்குபவரின் எடை குறையும்.